பெட்டிக்குள் ஐந்து நாள்

மே மாதம் பிறந்ததும் சில நர்சரிகளின் இணையக் கடையில் ஓர் அறிவிப்பு தொங்கும். கத்திரி வெயில் முடியும்வரை ரோஜாவும் இலைச்செடிகளும் அனுப்புவதாக இல்லை, முன்பதிவு மட்டும் செய்துகொள்ளலாம் என்று அதில் இருக்கும். ஆசையோடு தேடிவந்தவருக்கு அது ஏமாற்றம்தான். அடுத்த கடை அதே செடியை இன்றே அனுப்புவதாகச் சொல்லும்போது கை அங்கேதான் போகும். ஆனால், பணம் வருகிற நேரத்தில் மூன்று வாரம் விற்பனையை நிறுத்திவைக்கிற அந்த முதல் கடைக்காரருக்குத்தான் பெட்டிக்குள் செடிக்கு என்ன நேர்கிறது என்பது தெரிந்திருக்கிறது.

அப்படி என்ன நேர்கிறது? தண்ணீர் இல்லாமல் செடி வாடிச் சாகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். பார்சலில் இறக்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தாகம் இல்லை. ஈரமும் வெப்பமும் காற்றோட்டமில்லாத இடத்தில் ஒன்றுசேர்வதே காரணம்.

மூடிய அட்டைப்பெட்டிக்குள் வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் இல்லாவிட்டால் செடி உணவு தயாரிக்க முடியாது. ஆனாலும் அது சுவாசிப்பதை நிறுத்துவதில்லை. தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 25 டிகிரியில் ஆறு நாள் தாங்கும் சேமிப்பு 35 டிகிரியில் மூன்றே நாளில் கரைந்துவிடக்கூடும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வெயிலில் நிற்கும் மூடிய வேனுக்குள் வெப்பம் வெளியில் இருப்பதைவிட வெகுவாக ஏறிவிடும். 40 டிகிரி அடிக்கும் ஊரில் மதியம் முழுக்க வேனுக்குள் கிடக்கும் பெட்டியில், இலைத் திசு வெந்துபோகும் நிலையே வந்துவிடலாம்.

அந்தச் சூட்டில் ஈர மண் வேறு வேலையைச் செய்கிறது. மண்ணிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் இலைமேல் நீராகப் படிகிறது. பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் அதுதான். நசுங்கிய இலையும் அழுகத் தொடங்கிய பூவும் எத்திலீன் வாயுவை விடுகின்றன. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயு செடியிடம் இலைகளை உதிர்க்கச் சொல்கிறது. உதிர்ந்த இலை ஈரத்தில் கிடந்து மேலும் அழுகுகிறது. ஒன்று தூண்ட இன்னொன்று நடக்கும் இந்தச் சுழல் தொடங்கிவிட்டால், நான்காம் நாள் பெட்டியைத் திறக்கும்போது புளித்த வாடை அடிக்கும்.

இதை ஒரு செடியின் பயணமாகவே பார்க்கலாம். ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம், நாடு முழுவதற்கும் செடி அனுப்பும் நர்சரி ஊர். அங்கிருந்து ராமநாதபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் ஒட்டு ரோஜா வருவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் மூட்டை பிரித்துக் கட்டப்படும். நான்கிலிருந்து ஆறு நாள் பிடிக்கும்.

தேர்ந்த பேக்கிங்காரர் பெட்டியைத் தொடுவதற்கு முந்தின நாளே வேலையைத் தொடங்கிவிடுவார். செடிக்கு அன்றைக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, இரவெல்லாம் வடியவிடுவார். மறுநாள் மண்ணைப் பிடித்தால் கையில் ஈரம் தெரியவேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. பிறகு கத்திரியை எடுப்பார். பூ, மொட்டு, பழுத்த இலை, நோய்ப்புள்ளி உள்ள இலை எல்லாம் போகும். கிளைகளை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுவார். படத்தில் பூத்துக் குலுங்கிய செடி இப்போது நாலு குச்சியாக நிற்கும். வாங்குபவர்கள் மிகுதியாகக் கோபப்படுவது இந்தக் குச்சியைப் பார்த்துத்தான். ஆனால் பூவோடும் இளந்தளிரோடும் அனுப்பப்பட்ட ரோஜா, ஐந்து நாள் இருட்டில் முதலில் அந்தத் தளிரையும் பூவையும் அழுகக் கொடுத்து, பிறகு தண்டையும் இழக்கும்.

அடுத்து மண். செடி இருக்கும் கறுப்புப் பாலித்தீன் பையைப் பிரிக்காமல், அதன் வாயை ஸ்ட்ரெட்ச் பிலிமால் தண்டோடு சேர்த்துச் சுற்றுவார்கள். பெட்டி எப்படிப் புரண்டாலும் மண் கொட்டக்கூடாது என்பது ஒரு காரணம். மண்கட்டி உடைந்தால் அதைப் பிடித்திருக்கும் மயிரிழை வேர்கள் அறுந்துவிடும் என்பது இன்னொன்று. தண்ணீரை உறிஞ்சுவது அந்த மெல்லிய வேர்கள்தாம். தடித்த வேர்கள் செடியைத் தாங்கிநிற்பவை. பிலிம் சுற்றுவது வேர்ப்பகுதியோடு நின்றுவிட வேண்டும். தண்டையும் இலையையும் சேர்த்து இறுகச் சுற்றினால் மேலே சொன்ன புழுக்கத்தைக் கையோடு கட்டி அனுப்பியதாகிவிடும். மேல்பாகத்துக்குச் செய்தித்தாள் போதும். அது ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மெல்ல விடும்.

பெட்டிமேல் அம்புக்குறி வரைந்து ‘உயிருள்ள செடி, இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் அனுபவமுள்ளவர்கள் அந்த அம்பை நம்பிப் பேக்கிங் செய்வதில்லை. பெட்டி தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பயணிக்கும், மேலே பத்துக் கிலோ மூட்டை ஏறும் என்று வைத்துக்கொண்டே கட்டுகிறார்கள். பையின் அடிப்பகுதியைப் பெட்டியின் அடியோடு டேப் போட்டு இறுக்கி, குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்து, மிச்ச இடத்தில் கசக்கிய தாளைத் திணிக்கிறார்கள். பக்கவாட்டில் ஐந்தாறு துளைகள். கட்டி முடித்தபின் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே எதுவும் அசையும் ஓசை கேட்டால் பிரித்து மறுபடி கட்டுவார்கள்.

செடியை ஏன் இவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதற்குக் கூலிக் கணக்கும் ஒரு காரணம். கொரியர் நிறுவனங்கள் எடையோடு அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான முறை. 45க்கு 15க்கு 15 அளவுள்ள பெட்டி இந்தக் கணக்கில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். உள்ளே இருக்கும் செடியும் மண்ணும் சேர்ந்து 800 கிராம் மட்டுமே இருந்தாலும் இரண்டு கிலோவுக்குத்தான் காசு. மண்ணை உதறி, செடியை மடக்கி, சின்னப் பெட்டிக்குள் அடைக்கும் ஆசை விற்பவருக்கு எழுவது இங்கேதான். அடீனியத்துக்கும் கள்ளிவகைகளுக்கும் அது பாதகமில்லை. அவற்றைக் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, வெறும் வேரோடு தாளில் சுற்றி அனுப்புவதே சரியான முறை. பத்து நாளானாலும் தாங்கும். ரோஜாவையோ செம்பருத்தியையோ நம் வெப்பநிலையில் அப்படி அனுப்புவது சூதாட்டம். குளிர்நாடுகளில் ரோஜா இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் வெறும் வேரோடு அனுப்புகிறார்கள். நம் ஊர் ரோஜா அப்படி உறங்குவதில்லை.

எந்தப் பாதையில் எந்தப் பருவத்தில் செடி பயணிக்கிறது என்பதே அதன் விதியை முடிவுசெய்யும் என்பதற்கு நீலகிரியில் ஒரு பழைய சாட்சி உண்டு. நத்தானியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், இறுக மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் தங்கள் ஈரத்திலேயே வாழும் என்று கண்டறிந்து, 1833இல் அப்படிப்பட்ட பெட்டிகளை சிட்னிக்குக் கப்பலேற்றிக் காட்டியிருந்தார். அதே வகைப் பெட்டிகளில்தான் 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து சிங்கோனா நாற்றுகளைக் கிளப்பினார். காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவது. பசிபிக்கைக் கடந்து நேராக இந்தியாவுக்கு வர அவர் கப்பல் கேட்டார், கிடைக்கவில்லை. பனாமா, இங்கிலாந்து, எகிப்து, செங்கடல், பம்பாய் என்று உலகைச் சுற்றிக்கொண்டு நாற்றுகள் வந்தன. செங்கடலின் வெப்பத்தில் நலிந்து ஊட்டியை அடைந்தவை பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு, ஈக்வடாரில் ராபர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த நாற்றுகளோடு ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரரே கூடப் பயணித்தார். 1861 ஏப்ரலில் அவை நல்ல நிலையில் வந்துசேர்ந்து மலையில் வேர்பிடித்தன.

இன்றைய பார்சலோடு யாரும் கூடப் போவதில்லை. அதனால் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் விற்பவரால் செய்யக்கூடிய பெரிய உதவி. திங்களோ செவ்வாயோ அனுப்பிய பெட்டி சனிக்கிழமைக்குள் போய்ச்சேர்ந்துவிடும். வியாழன் மாலை கிளம்பினால் ஞாயிறு முழுக்க எங்கோ ஒரு கிடங்கின் தகரக்கூரைக்கடியில் கிடக்கும். பொங்கலும் தீபாவளியும் ஒட்டிய வாரங்களில் கிடங்குகள் நிரம்பி வழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை துண்டிக்கப்படுவதோடு அட்டைப்பெட்டியும் நனைந்து குழைந்துவிடும். மேலிருக்கும் மூட்டையின் கனத்தை அதற்குப்பின் அது தாங்காது. மார்கழியில் வடக்கே அனுப்பும்போது பிரச்சினை தலைகீழாகிறது. அக்லோனிமா போன்ற வெப்பமண்டல இலைச்செடிகள் பத்து டிகிரிக்குக் கீழே போன இரவுகளில் அடிபட்டு, பெட்டியைத் திறந்த இரண்டாம் நாள்தான் இலையில் கறுத்த திட்டுகளைக் காட்டும்.

தாமதத்தில் வாங்குபவரின் பங்கும் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்கு வந்து திரும்பும் பெட்டி இன்னும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், வேனிலும் கிடங்கிலுமாகச் சுற்றும். டிராக்கிங்கில் பெட்டி தம் ஊர்க் கிடங்குக்கு வந்துவிட்டது தெரிந்தால், போன் செய்து நேரில் போய் வாங்கிவருவது செடிக்கு ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும். இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டினால் அன்றே விற்பவருக்கு எழுதிவிட வேண்டும். கொரியருக்குப் புகார் கொடுக்க வேண்டியவர் அனுப்பியவர்தான்.

இனி உத்தரவாதம். இணையக் கடைகளில் இது இரண்டு விதமாக இருக்கும். பெட்டியைத் திறக்கும்போது செடி உயிரோடிருக்கும் என்பது ஒன்று. இத்தனை நாள்வரை பிழைத்திருக்கும் என்பது மற்றொன்று. முதலாவது பரவலாகக் கிடைக்கும், இரண்டாவது அரிது. காரணத்தை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். செடி 60 ரூபாய், பேக்கிங் 25, கொரியர் 90. ஆகமொத்தம் 175 செலவாகும் செடியை ஒருவர் 249க்கு விற்கிறார். கையில் நிற்பது 74. நூறு செடி விற்றால் 7,400. அதில் பதினைந்து செடிக்கு மாற்று அனுப்ப நேர்ந்தால் 2,625 போய்விடும். லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இறப்பைப் பாதியாகக் குறைக்கும் பேக்கிங்குக்கு இன்னும் பத்து ரூபாய் செலவழிக்க ஒருவர் முன்வருவது இந்தக் கணக்கால்தான். மாற்றே தராதவருக்கு அந்தப் பத்து ரூபாயைச் செலவழிக்க எந்தக் காரணமும் இல்லை. உத்தரவாதம் வாங்குபவருக்குத் தரும் பெரிய பயன், செடி செத்தபின் கிடைக்கும் மாற்றைவிட, செடி சாகாமல் வந்துசேருவதுதான்.

அதனால் நிபந்தனைகளைப் பணம் கட்டுமுன் படிக்க வேண்டும். வெட்டாமல் எடுத்த வீடியோ வேண்டும் என்பார்கள். முகவரிச் சீட்டு தெரிய, டேப் பிரிபடாத பெட்டியில் தொடங்கி, செடியின் வேர்வரை ஒரே ஓட்டமாக எடுத்துவைத்தால் பேச்சுக்கே இடமில்லை. 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் அனுப்பச் சொல்வார்கள். மாற்றுச் செடிக்குக் கொரியர் கூலி யார் கொடுப்பது, செடிக்குப் பதில் பணமாகத் தருவார்களா, கடைக் கணக்கில் வரவு மட்டும் வைப்பார்களா என்பவை பெரும்பாலும் கடைசி வரிகளில் இருக்கும். சட்டமும் கொஞ்சம் துணைநிற்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப ஏற்க விற்பவர் மறுக்கக்கூடாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

பெட்டி வந்துவிட்டது. ராமநாதபுரத்து ரோஜாவில் இலைகள் மஞ்சளாகியிருக்கின்றன, தொட்டால் உதிர்கின்றன. செத்துவிட்டதா? தண்டில் ஓர் ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும். தோலுக்கடியில் ஈரப்பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பு என்றால் அந்தக் கிளை போய்விட்டது. அடிவரை அப்படியே இருந்தால் செடியே போய்விட்டது. தண்டு கறுத்து, அழுத்தினால் குழைந்தால் அழுகல் இறங்கிக்கொண்டிருக்கிறது. பச்சை தெரியும் இடம்வரை வெட்டியெறிய வேண்டும்.

ஒட்டு ரோஜாவில் இன்னொன்றையும் பார்க்கத் தவறக்கூடாது. நல்ல ரகத்தின் மொட்டை ஒரு காட்டு ரோஜாத் தண்டில் ஒட்டவைத்ததுதான் அந்தச் செடி. ஒட்டின இடம் முடிச்சாகப் புடைத்துத் தெரியும். பயணத்தில் மேலே உள்ள நல்ல ரகம் செத்து, கீழே உள்ள காட்டுத்தண்டு மட்டும் பிழைப்பதுண்டு. இரண்டு வாரத்தில் கொழுகொழுவென்று தளிர் வரும், வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். அந்தத் தளிர் முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால், கேட்ட ரகத்தின் பூ அதில் ஒருநாளும் வராது. புகாருக்கான கெடுவும் அதற்குள் கடந்திருக்கும். ஆகவே முதல் நாளே முடிச்சுக்கு மேலே சுரண்டிப் பார்த்துவிட வேண்டும்.

வந்த செடியை அன்றே அழகான தொட்டிக்கு மாற்றி, வெயிலில் வைத்து, உரமும் போடுவது பலரும் அன்பினால் செய்யும் கொலை. ஐந்து நாள் இருட்டிலிருந்த இலைக்கு நேர்வெயில் தாங்காது. அடிபட்ட வேருக்கு உரம் எரிச்சல். பையைப் பிரிக்காமல் வெளிச்சமான நிழலில் ஒரு வாரம் வைத்திருந்தால் போதும். மண் காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை நீர் விடலாம்; சொதசொதவென்று இருந்தால் காயும்வரை காத்திருக்கலாம். புதுத் தளிர் விரல்நீளம் வந்தபின் காலை வெயிலுக்கு நகர்த்தி, அதற்கப்புறம் தொட்டி மாற்றலாம்.

விதை வாங்குவது இதைவிட எளிது, ஏமாறுவதும் எளிது. உலர்ந்த விதை தாமதத்தைப் பொருட்படுத்தாது. அதன் பகைவன் ஈரமும் சூடும். காகித உறையில் மழைக்கால அஞ்சலில் வந்த வெங்காய விதை பார்வைக்கு நன்றாக இருந்தும் முளைக்காமல் போகலாம். பலாக்கொட்டை, மாங்கொட்டை போன்றவை நேர்மாறானவை. அவற்றை உலரவிட்டால் உயிர் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த சில நாளிலேயே ஈரநாரில் வைத்து அனுப்ப வேண்டும். அதனால் மாதக்கணக்கில் இருப்பு வைத்து விற்கும் கடையில் அவற்றை வாங்குவதில் பொருளில்லை.

உறைமேல் முளைப்புத்திறன், சோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்ற தக்காளி, கத்தரி விதைகளுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65. இந்த எண்கள் தெரிந்திருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்கும்: பத்து மிளகாய் விதையில் ஆறு முளைத்தால் விற்பவர்மேல் குறையில்லை, இரண்டே முளைத்தால் இருக்கிறது. பை முழுவதையும் மண்ணில் போடுமுன் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து, உறைமேல் தேதி எழுதிப் படமெடுத்துச் சோதிப்பது புகாருக்கு ஆதாரமாகவும் நிற்கும். நீல ரோஜா விதை, ஒரே செடியில் ஏழு வண்ணம் பூக்கும் விதை என்று வரும் படங்களுக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. பெயர்பெற்ற ரோஜா ரகம் எதுவும் விதையிலிருந்து அதே ரகமாக வருவதில்லை என்பதால்தான் அதை ஒட்டுக்கட்டி விற்கிறார்கள்.

வெளிநாட்டுக் கடைகளில் கேட்டு வாங்கும் விதைக்கும் செடிக்கும் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. இவை இல்லாமல் பொம்மை, பொத்தான் என்று பெயரிட்டு வரும் பொட்டலம் சுங்கத்தில் பிடிபட்டால் அழிக்கப்படலாம். 2020 ஜூலையில் அமெரிக்கர்கள் பலருக்குக் கேட்காமலேயே சீன முத்திரையோடு விதைப் பொட்டலங்கள் வந்தபோது, அடுத்த மாதமே இந்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. அப்படி எதுவும் வீட்டுக்கு வந்தால் விதைக்கவும் கூடாது, குப்பையில் வீசவும் கூடாது. உறையோடு அப்படியே வேளாண் துறை அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். குப்பைமேட்டில் முளைக்கும் ஓர் அயல்நாட்டுக் களைக்கோ, விதையோடு ஒட்டிவந்த நோய்க்கோ பக்கத்து வயல் வெகுதூரமில்லை.